படத்தில் விளக்குக்கு ஒயர் இல்லை

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, டெக்கரேஷன் பிளானர் வீட்டுக்கு வந்து டிவியில் ஒரு படத்தைப் போடுகிறார். இருட்டு மண்டபம், நடுவில் தங்க நிறத்தில் தகதகக்கும் மேடை. பின்னால் தரையிலிருந்து கூரை வரை பீச் நிற ரோஜாவும் லாவெண்டர் நிறப் பூவும் அடைத்த சுவர், அதன் மேல் இளஞ்சிவப்பு வெளிச்சம். நடைபாதையின் இரு பக்கமும் மெழுகுவத்திகள், தலைக்கு மேல் தொங்கும் பூங்கொத்துகள். வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கிறார்கள். அடுத்து யாராவது “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்கவேண்டியவை சில உண்டு.

இந்தப் படத்தை ‘3டி’ என்றும் ‘விஷுவல்’ என்றும் சொல்கிறார்கள். ஸ்கெட்ச்அப், 3டிஎஸ் மேக்ஸ், பிளெண்டர் போன்ற மென்பொருளில் மேடையையும் மண்டபத்தையும் முப்பரிமாணத்தில் வரைந்து, விளக்குகளை வைத்து, ஒரு கோணத்தில் கேமராவை நிறுத்திப் படமாக எடுப்பார்கள். இந்தக் கடைசி வேலைக்கு ‘ரெண்டர்’ என்று பெயர். ஒரு ரோஜாவை வரைந்துவிட்டால் போதும், அதையே ஐயாயிரம் தடவை நகலெடுத்துச் சுவர் முழுக்கத் தூவிவிடலாம். ஐயாயிரமும் ஒரே அளவில் விரிந்திருக்கும், ஒன்றுகூட வாடியிருக்காது. விளக்கை அந்தரத்தில் வைக்கலாம். ஸ்டாண்டு, ஒயர், பிளக் எதுவும் வேண்டாம். பூவுக்கும் வெளிச்சத்துக்கும் அங்கே காசும் கிடையாது, எடையும் கிடையாது. நிஜ மண்டபத்தில் தகராறு வருவதும் அந்த இரண்டில்தான்.

கோவையில் ஒரு வைகாசிக் கல்யாணத்துக்கு இப்படி வந்த படத்தை வைத்தே விஷயத்தைப் பார்க்கலாம். முந்தைய நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். மண்டபம் நடுத்தர அளவு. மேடை 24 அடி அகலம், மேடைத் தளத்திலிருந்து கூரை 11 அடி. படத்தைப் பார்த்ததும் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணின் பெரியப்பாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. “நம்ம மண்டபம் இவ்வளவு பெருசுங்களா?” என்றார்.

அவர் கேட்டதைச் சோதிக்க எளிய வழி உண்டு. படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று கட்டாயம் இருக்கும். இங்கே அது மணமக்களின் சோபா. இருவர் உட்காரும் சோபா ஏறக்குறைய 5 அடி. 24 அடி மேடையில் அப்படிப்பட்ட சோபாக்களை வரிசையாகப் போட்டால் ஐந்துகூட முழுசாகப் பிடிக்காது. படத்தில் அளந்தால் பின்சுவரின் நீளம் எட்டு சோபா வந்தது. சோபா சுவருக்கு முன்னால் இருப்பதால் அது கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியவேண்டும். அப்படியும் எட்டு என்றால், அந்தப் படத்தில் இருப்பது 40 அடிக்கும் மேற்பட்ட மேடை. உயரத்திலும் இதே கதைதான். 11 அடிக் கூரையின் கீழ் 20 அடி உயரச் சரவிளக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

பிளானர் ஏமாற்றினார் என்று சொல்லவரவில்லை. பலரும் ஒவ்வொரு மண்டபத்தையும் அளந்து புதிதாக வரைவதில்லை. முன்பு ஒரு பெரிய ஹாலுக்குச் செய்த கோப்பை எடுத்து நிறத்தை மாற்றிக் கொண்டுவருவார்கள். அளந்து வரைந்திருந்தாலும் கேமரா ஒரு வேலை செய்யும். அகலக் கோணத்தில் வைத்தால் இடம் விரிந்து தெரியும். இன்னொன்றும் செய்யலாம்: எதிர்ச்சுவரை மென்பொருளில் வெட்டி நீக்கிவிட்டு, அதற்குப் பின்னாலிருந்து படமெடுக்கலாம். அதாவது விருந்தாளி ஒருவரும் போய் நிற்கமுடியாத இடத்திலிருந்து பார்த்த காட்சி அது. நம் மண்டபத்தில் அந்த இடத்தில் டைனிங் ஹாலின் சுவர் இருக்கும்.

அதனால் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: மண்டபத்தின் அளவை வைத்து, நடுவரிசை நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்திலிருந்து ஒரு படம். அதில் தூண், ஏசி, மின்விசிறி, குறுக்கு உத்தரம் எல்லாம் இருக்கவேண்டும். இவை இல்லாத படத்தில் நம் மண்டபம் இல்லை. அளவெடுக்க டேப்கூட வேண்டியதில்லை. பல மண்டபங்களில் தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான். எண்ணினால் போதும்.

அடுத்தது பூ. பெண்ணின் அத்தை திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, “ஏனுங் தம்பி, இதெல்லாம் நெசப் பூவுங்களா?” என்று கேட்டார். “ஃப்ரெஷ்ஷும் வருங்க ஆன்ட்டி, ஆர்டிஃபிஷியலும் மிக்ஸ் ஆகி வருங்க” என்றார் பிளானர். எங்கே எது என்பது அந்தப் பதிலில் இல்லை. அதைக் கணக்குப் போட்டால்தான் பிடிக்கமுடியும்.

சோபாவுக்குப் பின்னால் வரும் நடுப் பேனலை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிஜ மேடைக்கு ஏற்பக் குறைத்தால் 12 அடி அகலம், 9 அடி உயரம், அதாவது 108 சதுர அடி. ஓசூர்ப் பக்கமிருந்து வரும் கட் ரோஜா பாதி விரிந்த நிலையில் ஐந்து ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பச்சை தெரியாமல் அடைக்க ஒரு சதுர அடிக்கு 25 முதல் 30 பூ வேண்டும். ஆக, ஏறக்குறைய 3000 ரோஜா. கட்டுக்கு 20 என்றால் 150 கட்டு. ஒரு பூவின் காம்பை வெட்டிச் செருக 10 விநாடி என்று வைத்தாலும், ஒரே ஆள் செய்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து பேர் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இது முடியாத காரியம் அல்ல. மதியம் மண்டபம் கைக்கு வந்து மாலை ஆறுக்குள் முடிக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

உண்மையான சிக்கல் தண்ணீர். ரோஜா இரவு வரை நிமிர்ந்து நிற்க, நனைத்த ஃபோமில் செருகவேண்டும். பூக்கடைக்காரர்கள் ஓயாசிஸ் என்று சொல்லும் பச்சை நிறச் செங்கல் அது. சாதாரண அளவு 23 சென்டிமீட்டர் நீளம், 11 அகலம், 8 கனம். முழுக்க நனைந்தால் ஒரு கட்டி சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். 108 சதுர அடியை நிரப்ப ஏறக்குறைய 400 கட்டி ஆகும். 400 கட்டி என்றால் 800 கிலோ. கனத்தில் பாதியாக வெட்டினாலும் 400 கிலோ. இந்த எடையை நிறுத்த வாடகைக்கு வரும் மெல்லிய இரும்பு ஃப்ரேமால் ஆகாது. மண்டபச் சுவரில் ஆணி அடிக்கவும் பெரும்பாலும் அனுமதி இருக்காது.

ஆகவே படத்தில் உள்ளபடி முழுப் பூச்சுவர் நிஜப் பூவில் வரப்போவதில்லை என்பதை அந்த வீட்டு வரவேற்பறையிலேயே தெரிந்துகொள்ளலாம். பின்புலம் துணிப் பூப் பேனலாக இருக்கும். அல்லது தண்ணீர் இல்லாமல் வலையில் கோத்த பூவாக இருக்கும். பின்னதற்கு ரோஜா தாங்காது. மேடை விளக்குச் சூட்டில் சில மணி நேரத்தில் இதழ் ஓரம் கருத்துச் சுருங்கிவிடும். செவ்வந்தியும் செண்டுமல்லியும் தாங்கும். நம் ஊர் டெக்கரேஷன்காரர்கள் காலங்காலமாக அவற்றையே நம்பியதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல.

நிறத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிவப்பு ரோஜா கேட்டால் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு பீச் நிறத்தில் 150 கட்டு, அதுவும் ஊரெல்லாம் கல்யாணம் நடக்கும் வைகாசி முகூர்த்த நாளில், ஒரே சாயலில் சேர்ப்பது வேறு வேலை. கொட்டேஷனில் ‘கிடைக்கும் பூவைப் பொறுத்து மாறும்’ என்ற வரி இருப்பது இதனால்தான். அந்த வரி நியாயமானதுதான். ஆனால் மாறினால் எதற்கு மாறும் என்பதையும் அதே இடத்தில் எழுதி வாங்கவேண்டும்.

பின் எங்கே நிஜப் பூ வைப்பது? இதற்கு ஆல்பத்தைப் பார்க்கவேண்டும். யார் வீட்டு ரிசப்ஷன் ஆல்பத்தையும் புரட்டுங்கள். பெரும்பாலான படங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும்: நடுவில் மணமக்கள், இரு பக்கமும் வந்தவர்கள், தலைக்கு மேல் ஒன்றிரண்டு அடி. எட்டுப் பத்தடி அகலத்துக்கு வெளியே இருக்கும் அலங்காரம் நாலைந்து படத்தில்தான் வரும். மேடை ஏறி வருபவர் கைநீட்டித் தொடக்கூடியதும் அந்தப் பகுதிதான். எனவே சோபாவின் இரு பக்கமும் முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை நிஜப் பூவும், பின்னால் உயரத்தில் துணிப் பூவும் என்று பிரித்தால் செலவும் எடையும் வெகுவாகக் குறைந்துவிடும். யாருக்கும் குறை தெரியாது. அந்த அத்தையும் இதற்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையுடன்: கொஞ்சமாவது சத்தியமங்கலம் சம்பங்கி இருக்கவேண்டும். ராத்திரி அது மணக்கும். படத்தில் காட்டமுடியாத ஒரே சமாச்சாரம் அது. அத்தை சொன்னது சரி என்றே எனக்கும் தோன்றுகிறது.

இனி வெளிச்சம். படத்தின் அழகில் பாதிக்கு மேல் இதனால் வருவது. அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

படத்தில் மண்டபம் இருட்டாக இருந்தது. மேடை மட்டும் ஒளிர்ந்தது. நிஜத்தில் ரிசப்ஷன் நேரத்தில் ஹால் விளக்கை அணைக்கமுடியாது. வயதானவர்கள் படியேறுகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், பந்திக்கு ஆட்கள் போய்வருகிறார்கள். கூரையில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளை எல்இடி. நீலம் கலந்த பகல் வெளிச்சம் அது. மேடையில் போடும் மஞ்சள் சாயல் கொண்ட ‘வார்ம் ஒயிட்’ விளக்கின் மேல் இந்த வெளிச்சம் விழுந்தால் தங்க நிறம் கரைந்துபோகும். மேலும், வைகாசியில் கோவையில் சூரியன் மறைய மணி 6.40 சுமாராகிவிடும். ஆறரைக்கு மேடையேறினால் மேற்குப் பக்க ஜன்னல் வழியே இன்னும் பகல் உள்ளே இருக்கும். ஜன்னலுக்குத் திரை போடுவது யார் பொறுப்பு என்று அந்தக் கொட்டேஷனில் எங்கும் இல்லை.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பூ எந்த நிறத்தைத் திருப்பி அனுப்புகிறதோ அந்த நிறத்தில்தான் தெரியும். சிவப்பு ரோஜா சிவப்பை மட்டுமே திருப்பி அனுப்பும். அதன் மேல் நீல விளக்கைப் போட்டால் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் பூ கறுப்பாகிவிடும். இளஞ்சிவப்பு விளக்கில் பச்சை இலைகள் செத்துப்போனதுபோல் இருக்கும். மணப்பெண் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் அந்தப் புடவைக்கும் அதே கதி. லாவெண்டர் பூ மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பல் பூத்து மங்கும். அந்தப் படத்தில் இருந்த கலவை, அதாவது பீச்சும் லாவெண்டரும் சேர்ந்த பூச்சுவர் மேல் இளஞ்சிவப்பு வெளிச்சம், திரையில் மட்டுமே அவ்வளவு தெளிவாக வரும். திரை தானே ஒளி விடும் பொருள், பூ அப்படி அல்ல.

இதற்கு ஒரு மாற்று உண்டு. வெள்ளைப் பூ எந்த விளக்குக்கும் இணங்கும். வெள்ளைச் செவ்வந்தி, சம்பங்கி, ஜிப்சி என்று வெள்ளையை அதிகமாக்கி, நிறத்தை விளக்கிலிருந்து வாங்கினால் மாலையில் பீச், ஊதா, பொன் என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். காலையில் விளக்கை அணைத்தால் வெள்ளையாகவே நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பிளானரின் படத்தில் ஒருபோதும் வராத ஓர் ஆள்: வீடியோக்காரர். மேடைக்கு எதிரே இரண்டு பக்கமும் அவருடைய விளக்குகள் நிற்கும். அவை எரிந்ததும், முப்பது நாற்பதாயிரம் கொடுத்துப் பின்சுவரில் தடவிய வெளிச்சம் எல்லாம் சப்பையாகிவிடும். நேராக முன்னிருந்து வரும் பலமான ஒளி, பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒளியை விழுங்கிவிடுகிறது. வீடியோ விளக்கு வெள்ளையாகவும் பின்விளக்கு மஞ்சளாகவும் இருந்தால் கேமராவில் முகம் சரியாக வரும், பின்சுவர் ஆரஞ்சாக எரியும். முகத்தை மஞ்சளுக்கு ஏற்பச் சரிசெய்தால் ஹாலில் இருப்பவர்கள் நீலமாக வருவார்கள். இரண்டு தரப்பும் ஒரே சாயலில் விளக்கு போட்டால் தீரும் பிரச்சினை இது. வீடியோ விளக்கையும் வார்ம் ஒயிட்டுக்கு மாற்றி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், உயரத்தில் வைத்தால் பின்சுவர் தப்பிக்கும். ஆனால் டெக்கரேஷன்காரரும் வீடியோக்காரரும் முதல்முதலாகச் சந்திப்பதே மேடையில்தான் என்பது நம் கல்யாணங்களின் வழக்கம். அவர்கள் இருவரையும் ஒரு தடவை போனில் பேசவைப்பது குடும்பத்தால் மட்டுமே முடியும். அந்தப் பேச்சுக்குக் காசு கிடையாது.

இத்தனை விளக்குக்கும் கரண்ட் எங்கிருந்து? பூச்சுவருக்குக் கீழே எட்டு பார் லைட், கூரைக்கு நாலு, நடைபாதைத் தூண்களுக்குப் பன்னிரண்டு என்று பிளானரின் பட்டியலில் 24 இருந்தன. ஒன்று 150 வாட் என்றால் 3600 வாட். ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். பாட்டுக் கச்சேரிக்காரரும் வீடியோக்காரரும் அதே பாயின்ட்டில் செருகினால் ட்ரிப் ஆகும். ஜெனரேட்டரில் மேடைப் பாயின்ட் சேர்ந்திருக்கிறதா என்று மண்டப எலக்ட்ரீஷியனை விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஹால் விளக்கும் விசிறியும் மட்டும்தான் அதில் ஓடும்.

அந்தக் குடும்பம் கடைசியில் செய்தது இது. படத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, அது என்ன என்று பிளானரையே எழுதச் சொன்னார்கள். ‘நடுப் பேனல் 12 x 9, துணிப் பூ. சோபா இரு பக்கம் 3 x 6, நிஜம், வெள்ளை ரோஜாவும் சம்பங்கியும். ரோஜா இல்லையெனில் வெள்ளைச் செவ்வந்தி. பின்விளக்கு 8, வார்ம் ஒயிட், இளஞ்சிவப்பு வேண்டாம். ஜன்னல் திரை டெக்கரேஷன் பொறுப்பு.’ ‘படம் மாதிரிக்கு மட்டும்’ என்று கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அடித்துவிட்டு, ‘படமும் குறிப்புகளும் சேர்ந்தது’ என்று மாற்றினார்கள். பிளானர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு, “இப்படி எழுதிட்டா எனக்கும் நல்லதுங்க அங்கிள், பசங்களுக்கு இதையே கொடுத்துடுவேன்” என்றார். முந்தைய வேலை ஒன்றின் 3டி படத்தையும், அதே மேடையில் அன்று மாலை எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னபோது மட்டும் அவரிடம் போட்டோ இருந்தது, 3டி இருந்தது, ஆனால் இரண்டும் வேறு வேறு கல்யாணம்.

ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். பிளானர் ஒரு பார் லைட்டும் கொஞ்சம் துணிப் பூவும் கொண்டுவந்தார். ஹால் விளக்கு எல்லாம் எரியும்போது ஒரு தடவை, மேடைக்கு அருகே இருக்கும் இரண்டு வரிசையை மட்டும் அணைத்து ஒரு தடவை பார்த்தார்கள். அந்த இரண்டு வரிசைக்குத் தனி சுவிட்ச் இருந்தது. மேனேஜருக்கே அது நினைவில்லை. அதை அணைத்ததில் வந்த வித்தியாசம், கூடுதலாக எட்டு விளக்கு வாங்கினாலும் வந்திருக்காது.

காலைக்கு யாரும் 3டி கேட்பதில்லை. ஆனால் ரிசப்ஷன் பத்தரைக்கு முடிந்து, அதே மேடை விடிவதற்குள் மணவறையாகவேண்டும். சோபா போய் மனை வரும், நடுவில் ஹோமகுண்டம் வரும். துணிப் பூவும் மெல்லிய திரையும் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. சுற்றி நாலைந்து அடி விலக்கம் வேண்டும், அப்போது பக்கப் பேனல்களைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அந்தப் பேனல்களுக்கு அடியில் சக்கரம் இருக்கிறதா, தள்ள ராத்திரி எத்தனை பேர் தங்குவார்கள் என்பது மட்டும் அந்தத் தாளில் எழுதாமல் விட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் பெரியப்பா பேனாவைத் திரும்ப வாங்கி அதையும் எழுதினார்: ‘நாலு ஆள், விடியக்காலை மூன்று மணி வரை.’